கருப்பு மருதாணி போட்டுச் சில வாரங்கள் கழித்து வரும் கொப்புளமும் தடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பு மருதாணி போட்டு மூன்று வாரம் ஆகிறது. கோலம் இருந்த இடம் மட்டும் அரித்து, கொப்புளித்து, தடித்துப்போய் இருக்கிறது. இது மருதாணியால் வந்ததா?

மருதாணி இலையால் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் குழம்பைக் கருப்பாக்குவதற்காகக் கலந்த சாயத்தால் வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்தச் சாயத்தின் பெயர் பாரா-பினைலீன்டையமின். தோல் மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக பிபிடி என்பார்கள். தலைமுடிக்குப் பூசும் கருப்புச் சாயங்கள் பலவற்றில் நிறம் தருவது இதுதான். நீங்கள் சொல்வதில் இரண்டு செய்திகள் இந்தச் சந்தேகத்தை வலுவாக்குகின்றன. ஒன்று, தடிப்பு கோலத்தின் கோடுகளை விட்டு விலகாமல் இருப்பது. மற்றொன்று, அது உடனே வராமல் நாள் கழித்து வந்திருப்பது. பலரும் இந்த இரண்டாவது செய்தியை வைத்துத்தான் "இவ்வளவு நாள் ஆன பிறகு மருதாணியாக இருக்க முடியாது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் தாமதமே இந்த ஒவ்வாமையின் அடையாளம்.

மருதாணி இயற்கையான இலைதானே, அதில் என்ன ரசாயனம் இருக்கப்போகிறது?

மருதாணி இலையில் நிறம் தரும் பொருள் லாசோன். அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு மெதுவாகப் பிணைகிறது. அதனால் குழம்பைச் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கழுவியவுடன் ஆரஞ்சு நிறமாக இருக்கும் கோலம் அடுத்த ஓரிரு நாளில் செம்பழுப்பாகச் சிவக்கிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும், எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் எத்தனை முறை தடவினாலும், வெறும் மருதாணி இலை தோலில் மைக்கருப்பு நிறத்தைத் தராது. லாசோனுக்கு ஒவ்வாமை ஏற்படுவதும் அரிது.

கருப்பு நிறம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள், பல நாள் நிற்கும்படி வேண்டும் என்றால் வேறொரு பொருளைச் சேர்த்தாக வேண்டும். அதற்காகத் தலைமுடிச் சாயப் பொடியையோ பிபிடியையோ குழம்பில் கலக்கிறார்கள். சில சமயம் மருதாணியே இல்லாமல் சாயத்தை மட்டும் பிசின் போன்ற ஒன்றில் குழைத்து வரைவதும் உண்டு. "கருப்பு மருதாணி" என்ற பெயர் ஒரு செடியின் பெயரோ இலை வகையின் பெயரோ இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவுரி இலைப் பொடியையும் சிலர் இதே பெயரில் தலைக்கு விற்பதால் குழப்பம் கூடுகிறது. ஆனால் அவுரியின் நிறம் தோலில் வாரக்கணக்கில் நிற்பதில்லை.

தலைமுடிச் சாயத்தில் அனுமதிக்கப்பட்ட பொருள்தானே? அதைக் கையில் போட்டால் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

அனுமதி முடிக்கு மட்டும்தான், அதுவும் அளவுக்கு உட்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, கலந்து தலையில் பூசும் நிலையில் சாயத்தில் பிபிடி 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் நேரடியாக வரைவதற்கு அங்கும் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதியே இல்லை. கருப்பு மருதாணிக் குழம்புகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்தபோது, சிலவற்றில் 30 சதவீதத்தை நெருங்கும் அளவுகூட பதிவாகியிருக்கிறது. முடிக்கு ஏற்ற அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட அளவு சிறுவர்களின் மென்மையான தோலில் பூசப்படுகிறது என்று இதற்குப் பொருள்.

அளவு மட்டும் காரணம் இல்லை. தலைமுடிச் சாயத்தை அரை மணி நேரம்போல வைத்திருந்து அலசிவிடுவார்கள். அதனுடன் கலக்கும் டெவலப்பர் என்னும் ஆக்சிஜனேற்றத் திரவம் பிபிடியின் பெரும்பகுதியை முடிக்குள்ளேயே பெரிய நிற மூலக்கூறுகளாக மாற்றிவிடுகிறது. தோலில் வரையும் குழம்பு அப்படி முழுமையாக வினைபுரிவதில்லை. வினைபுரியாமல் மிஞ்சிய பிபிடி மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எளிதாகத் தோலுக்குள் இறங்குகிறது. குழம்பு காய்ந்து உதிரும்வரை விட்டுவைப்பது வழக்கமாக இருப்பதால் இறங்குவதற்கு நேரமும் கிடைக்கிறது.

போட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. கோலமே மங்கிவிட்ட பிறகு ஏன் வந்தது?

இதைப் புரிந்துகொள்ள, தோல் ஒரு பொருளை எரிச்சலால் எதிர்ப்பதற்கும் ஒவ்வாமையால் எதிர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். அமிலம் பட்டால் தோல் உடனே புண்ணாகும். அதற்கு உடலின் நினைவு எதுவும் தேவையில்லை. பிபிடி பொதுவாகச் செய்வது அப்படிப்பட்ட வேலை அன்று. அது முதலில் உடலின் எதிர்ப்பு அமைப்புக்கு ஓர் எதிரியாக அறிமுகமாக வேண்டும். அந்த அறிமுகத்துக்கு நாள் பிடிக்கிறது.

தோலுக்குள் இறங்கிய பிபிடி காற்றாலும் தோலின் நொதிகளாலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அருகில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி மாறிப்போன புரதத்தைத் தோலில் காவல் இருக்கும் செல்கள் பற்றிக்கொண்டு, அருகில் உள்ள நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே அந்த ஒரு பொருளை மட்டும் அடையாளம் காணும் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் பெருகத் தொடங்குகின்றன. அவை போதுமான எண்ணிக்கையில் பெருகி, இரத்தத்தில் கலந்து, மறுபடி தோலுக்கு வந்து சேர ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகிறது. சிலருக்கு இன்னும் கூடுதலாகும். அவை வந்து சேரும்போது, கோலம் இருந்த இடத்தில் சாயத்தின் எச்சம் இன்னும் இருந்தால், அங்கேயே தாக்குதல் தொடங்கிவிடுகிறது. கோலம் மங்கியது மேலடுக்குச் செல்கள் உதிர்ந்ததால்தான். அதற்குக் கீழே புரதத்தோடு ஒட்டிய பிபிடி அந்த நேரத்தில் முழுமையாக வெளியேறியிருப்பதில்லை.

ஒரு நிகழ்வை நாள் வாரியாகப் பார்த்தால் இது தெளிவாகும். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி முன்கையில் ஒரு கொடியும் மூன்று பூக்களும் கொண்ட கோலம் போட்டுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொடி மெல்லிய கோடு. பூவிதழ்கள் உள்ளே முழுவதும் நிரப்பப்பட்டவை. ஒரு மணி நேரத்தில் குழம்பை உரித்ததும் நிறம் மைக்கருப்பாக இருக்கிறது. முதல் பத்து நாள் எந்தத் தொல்லையும் இல்லை, நிறம் பாதியாக மங்குகிறது. 14ஆம் நாள் இரவு அந்த இடம் அரிக்கத் தொடங்குகிறது. 16ஆம் நாள் கொடியின் கோடு மெல்லச் சிவந்து எழும்புகிறது, இதழ்கள் தடிக்கின்றன. 18ஆம் நாள் இதழ்களின் மேல் சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. கொடியில் கொப்புளம் இல்லை, சிவப்பு மட்டும் இருக்கிறது. மறு கையில் ஒன்றுமே இல்லை. 26ஆம் நாள் கொப்புளங்கள் வற்றிப் பொருக்குக் கட்டுகின்றன. 40ஆம் நாளும் இதழ்களின் வடிவத்தில் அரிக்கும் மேடு நிற்கிறது.

இந்த வரிசையில் மூன்று விவரங்கள் சாயத்தையே காட்டுகின்றன. தொல்லை இல்லாத இரண்டு வாரம் டி செல்கள் பெருகும் காலத்தோடு பொருந்துகிறது. சாயம் தடிமனாக இருந்த இதழ்களில் கடுமையும், மெல்லிய கொடியில் லேசான சிவப்பும் இருப்பது அளவோடு பொருந்துகிறது. கோலம் இல்லாத தோல் தப்பியது இடத்தோடு பொருந்துகிறது. தோல் நோய்கள் எதுவும் தாமாகப் பூவிதழ் வடிவில் வருவதில்லை.

தோல் மருத்துவத்தில் இதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஒவ்வாமையைக் கண்டறிய முதுகில் ஒட்டும் பரிசோதனையில், ஒரு பொருள் நான்காம் நாள்வரை எந்த மாற்றமும் காட்டாமல் இருந்து, இரண்டு வாரம் போல் கழித்து அதே இடத்தில் சிவந்து தடிப்பது அரிதாக நிகழ்வது உண்டு. அந்தப் பரிசோதனையே அந்த நபருக்கு ஒவ்வாமையைப் புதிதாக உருவாக்கிவிட்டது என்பதை அது காட்டுகிறது. அதற்குப் பேர்போன பொருள்களில் பிபிடியும் ஒன்று. கருப்பு மருதாணியில் நடப்பதும் இதேதான்.

என் தோழிக்கு இரண்டே நாளில் வந்தது. அப்படியானால் அவளுக்கு வந்தது வேறா?

அதுவும் பெரும்பாலும் இதே ஒவ்வாமைதான், ஆனால் அவருடைய உடலுக்குப் பிபிடி முன்பே அறிமுகமாகியிருக்க வேண்டும். முன்பு ஒருமுறை போட்ட கருப்புக் கோலமாக இருக்கலாம், தலைமுடிச் சாயமாக இருக்கலாம். அப்போது எந்தத் தொல்லையும் இல்லாமல் டி செல்களின் நினைவு மட்டும் பதிந்திருக்கும். நினைவு பதிந்த உடலுக்கு மறுபடி பெருகி வர இரண்டு வாரம் தேவையில்லை. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தாக்குதல் தொடங்கிவிடும். "சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை, அதனால் இந்த முறையும் ஆகாது" என்ற கணக்கு இந்தச் சாயத்தைப் பொறுத்தவரை நேர்மாறானது.

ஒரே கோனில் நாலு பேருக்குப் போட்டார்கள். எனக்கு மட்டும் ஏன்?

தோலில் உள்ள நொதிகள் பிபிடியை ஓரளவு செயலிழக்கச் செய்கின்றன. அந்தத் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், கோடு எவ்வளவு தடிமன், முன்பு சாயம் பட்டிருக்கிறதா என்பவையும் சேரும். மற்ற மூவர் தப்பித்ததால் குழம்பு நல்லது என்று ஆகாது. அவர்களில் யாருக்காவது நினைவு மட்டும் பதிந்திருக்கக்கூடும்.

வேறு நோயாக இருக்க வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது, அதனால்தான் ஒரு மருத்துவர் பார்ப்பது நல்லது. வரைந்த சில மணி நேரத்திலேயே எரிச்சலும் வலியும் தோன்றியிருந்தால், குழம்பில் கலந்த டர்பன்டைன் அல்லது மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானால் வந்த எரிச்சல் புண்ணை முதலில் எண்ண வேண்டும். தேன் நிறப் பொருக்கும் சீழும் இருந்தால் கிருமித்தொற்று சேர்ந்திருக்கிறது. அது தனியாகவும் வரலாம், சொறிந்து உடைந்த ஒவ்வாமைக் கொப்புளத்தின் மேலும் வரலாம். வட்டமாக விளிம்பில் மட்டும் பரவிக்கொண்டே போகும் திட்டு படர்தாமரையாக இருக்கலாம். கோலத்தின் வடிவத்தை அது மதிப்பதில்லை. வரிசையாகக் கொப்புளங்களும் கடும் வலியும், உடலின் ஒரே பக்கத்தில், கோலம் இல்லாத தோலுக்கும் நீண்டு வந்தால் அக்கியை எண்ண வேண்டும்.

நடைமுறையில் மருத்துவருக்கு மிகவும் உதவுவது ஒரு பழைய புகைப்படம். கோலம் போட்ட அன்று எடுத்த படத்தையும் இன்றைய தடிப்பையும் அருகருகே வைத்தால், கோடுகள் பொருந்துகின்றனவா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கோன் மிச்சமிருந்தால் தூக்கி எறியாமல், உறையில் போட்டு மூடி எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் "மருதாணி இலை மட்டும்" என்று அச்சிட்டிருந்தாலும் அதை நம்ப வேண்டியதில்லை. உள்ளே பிபிடி இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் உறுதி செய்ய முடியும்.

இப்போது வீட்டில் என்ன செய்யலாம், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன் மேல்தோல்தான் இப்போதைக்குச் சிறந்த கட்டு. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, பதினைந்து இருபது நிமிடம் ஒரு நாளைக்குச் சில முறை வைத்தால் நீர் வடிவதும் அரிப்பும் குறையும். மிஞ்சிய நிறத்தைத் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். புரதத்தோடு பிணைந்த சாயம் தேய்ப்பதால் போகாது, உடைந்த தோலில் கிருமி மட்டும் நுழையும். அதே காரணத்தால் மஞ்சள், பூண்டு, பற்பசை போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் சில தாமே தோலை எரிக்கும்.

உண்மையான சிகிச்சை ஸ்டீராய்டு களிம்பு. கையில் வந்த கொப்புளத்துக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் வலிமையான வகையையே எழுதுவார்கள். மருந்துக்கடையில் தானாக வாங்கித் தடவும் மென்மையான வகை இதற்குப் போதாமல் போவது வழக்கம். பரப்பு பெரிதாக இருந்தால் சில வாரங்களுக்கு மாத்திரையாகவும் தருவார்கள். மூன்று நான்கு நாளில் நன்றாகத் தெரிகிறது என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தடிப்பு மீண்டும் பொங்கி வரும். சாயத்தின் எச்சமும் டி செல்களும் இன்னும் அங்கேயே இருப்பதுதான் அதற்குக் காரணம். அரிப்புக்குத் தரும் ஒவ்வாமை மாத்திரை இரவில் தூங்க உதவலாம், ஆனால் இந்த ஒவ்வாமை அந்த மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளால் நடப்பதன்று என்பதால் தடிப்பை அது ஆற்றாது.

காய்ச்சல், சீழ், சிவப்பு கோலத்தைத் தாண்டி வேகமாகப் பரவுதல், முகமோ கண்ணிமையோ வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறல் வந்தால் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் கோலத்தின் வடிவம் மேடாக நிற்கிறது, சில இடம் வெளுத்தும் இருக்கிறது. இது மறையுமா?

மேடாக நிற்பது இரண்டு வகை. அரிப்போடும் செந்நீல நிறத்தோடும் நிற்கும் தடிப்பு, ஒவ்வாமை இன்னும் அடங்கவில்லை என்பதைக் காட்டும். களிம்பைத் தொடர்ந்தால் அது வாரங்களிலோ சில மாதங்களிலோ தணியும். வழவழப்பாக, கெட்டியாக, நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும் மேடு வேறு. அது தழும்பு மிகையாக வளர்வது. கோலத்தின் எல்லையைத் தாண்டியும் வளர்ந்தால் அதைக் கீலாய்டு என்பார்கள். அதற்கு சிலிக்கோன் ஜெல்லும், தழும்புக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. காத்திருந்தால் போய்விடும் என்று நம்பி நாள் கடத்தாமல், வளர்வது தெரிந்தவுடன் காட்டுவது பலன் தரும்.

வெளுப்பு சிறுவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. பல மாதங்களில் நிறம் மெல்லத் திரும்புவதே பொதுவான போக்கு. சிலருக்கு நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. அந்த இடம் வெயிலில் எளிதாகச் சிவக்கும் என்பதால் மூடி வைப்பது நல்லது.

பிபிடிதான் காரணம் என்று உறுதி செய்ய என்ன பரிசோதனை? உடனே எடுக்கலாமா?

உடனே எடுக்கக் கூடாது. தோல் கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால் முடிவு குழம்பும், பழைய தடிப்பும் மறுபடி கிளம்பக்கூடும். தோல் ஆறி, ஸ்டீராய்டு மாத்திரையும் நிறுத்தி, சில வாரங்கள் கழித்தே எடுப்பார்கள். ஆறு வாரம் என்பது பலர் கடைப்பிடிக்கும் இடைவெளி.

பேட்ச் டெஸ்ட் எனப்படும் அந்தப் பரிசோதனையில், வாசலினில் 1 சதவீதம் கலந்த பிபிடியை ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டு ஒருமுறையும், நான்காம் நாள் போல மறுமுறையும் பார்ப்பார்கள். கொப்புளம் வந்த அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை என்றால் 1 சதவீதமே மிகையாகிவிடும். அதனால் அதைவிடப் பல மடங்கு நீர்த்த அளவில் தொடங்குவதோ, இரண்டு நாளுக்குப் பதில் சில நிமிடங்கள் மட்டும் ஒட்டி எடுப்பதோ உண்டு. இரத்தப் பரிசோதனையோ, ஊசியால் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ இந்த ஒவ்வாமையைக் காட்டாது. அவை வேறு வகை ஒவ்வாமைக்கு உரியவை.

மேலே சொன்ன சிறுமிக்கு மிக நீர்த்த பிபிடியே நான்காம் நாள் சிவந்து தடித்தால், கோலத்தின் வடிவமும் இரண்டு வார இடைவெளியும் சொன்னது உறுதியாகிவிடும். அதற்கு முன்புவரை "சந்தேகம்" என்ற சொல்லை மருத்துவர் பயன்படுத்துவது தயக்கத்தால் அன்று. கோனுக்குள் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாததால்தான்.

இனிமேல் தலைக்குச் சாயம் பூசலாமா?

பிபிடி உள்ள சாயம் பூசக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இதுதான். டி செல்களின் நினைவு பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கிறது. கையில் ஒரு சிறு கோலத்தால் பதிந்த நினைவு, பத்து இருபது ஆண்டு கழித்து முதல் நரைக்குச் சாயம் பூசும்போது, தலை முழுவதும் பரவிய சாயத்தைச் சந்திக்கிறது. அப்போது இரண்டு நாளுக்குள் நெற்றியும் கண்ணிமையும் காதும் வீங்கி, உச்சந்தலையில் நீர் வடியும். ஐரோப்பாவில் விற்கும் தலைமுடிச் சாயப் பெட்டிகளில், கருப்பு மருதாணிக் கோலத்தால் முன்பு தொல்லை வந்தவர்கள் இதைப் பூசக் கூடாது என்று அச்சிட வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

"பிபிடி இல்லாதது" என்று எழுதியிருப்பதும் தானாகவே பாதுகாப்பு ஆகாது. பல சாயங்களில் பிபிடிக்குப் பதிலாக டொலுயீன்டையமின் இருக்கிறது. அது வடிவத்தில் பிபிடிக்கு மிக நெருங்கியது என்பதால், பிபிடி ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. பாரா-அமினோஃபீனாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எனவே எந்தச் சாயம் ஏற்கும் என்பதை, பேட்ச் டெஸ்டில் இந்த நெருங்கிய உறவுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும்.

சாயம் தவிர வேறு எதிலாவது எச்சரிக்கை வேண்டுமா?

சிலருக்கு வேண்டியிருக்கும், எல்லோருக்கும் இல்லை. தொண்டை மிட்டாய்களிலும் மரத்துப்போகச் செய்யும் களிம்புகளிலும் உள்ள பென்சோகைன், பிபிடியோடு வேதியியல் உறவுடையது. பல் மருத்துவர்கள் பொதுவாகப் போடும் லிடோகைன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஆனாலும் உங்கள் ஒவ்வாமையை அவரிடம் சொல்லிவிடுங்கள். கருப்பு ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருளும், சில செயற்கை இழைத் துணிகளின் அடர்நிறச் சாயங்களும் சிலருக்கு அவை படும் இடங்களில் அரிப்பைத் தருகின்றன. அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை எதுவும் இல்லை. ஆனால் குழம்பே மைக்கருப்பாக இருந்தால், அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று சொன்னால், எடுத்ததும் ஆரஞ்சு நிறம் இல்லாமல் நேரடியாகக் கருப்பாக இருந்தால், அது வெறும் மருதாணி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இலைக் குழம்பு பச்சையும் பழுப்புமாக இருக்கும். ஒரு துளியை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்து, அடுத்த நாள் ஒன்றும் இல்லை என்று மகிழ்வதிலும் பயனில்லை. முதல் அறிமுகம் இரண்டு வாரம் அமைதியாகத்தான் இருக்கும், அந்தத் துளியே நினைவைப் பதிக்கவும் கூடும்.

அமேசான் காட்டுப் பகுதியின் ஹகுவா என்ற காயின் சாறு பிபிடி இல்லாமலேயே கருநீலம் தருவதால், அதை மாற்றாக விற்கிறார்கள். அது பிபிடியோடு தொடர்பில்லாதது என்பது உண்மை. ஆனால் அதற்கும் தனியாக ஒவ்வாமை வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மேலும் ஹகுவா என்று பெயரிட்ட கோனுக்குள் இருப்பது ஹகுவாதானா என்ற கேள்வியும், மருதாணிக் கோனைப் பற்றிய கேள்வியைப் போலவே, அப்படியே நிற்கிறது.